கம்யூனிகேஷன் கட்டத்தில் விழும் 2 மதிப்பெண்

வணக்கம் மேடம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கும் பேனலிலும் இருக்கிறேன். போன வாரம் பேனலில் கூட இருந்தவர், “தெற்கத்திப் பசங்க வந்தா கம்யூனிகேஷனுக்கு நீங்க எப்பவும் அஞ்சுக்கு ரெண்டுதான் போடுறீங்க, கவனிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டார். சுருக்கென்றது. நானே அருப்புக்கோட்டைக்காரன், தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆனால் அவர்கள் இங்கிலீஷ் பேசினால் எனக்குச் சட்டென்று புரிவதில்லை என்பதும் உண்மை. புரியாததைப் புரியவில்லை என்று எழுதுவது பாரபட்சமா? எனக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? நான்காம் வகுப்பு எடுக்கும் என் தங்கையிடம் இதைச் சொன்னேன். “என் கிளாஸ்லயும் இதே கதைதான். மதுரைப் பக்கத்துலேர்ந்து வந்த பொண்ணு தமிழ்ப் பாடம் வாசிச்சா மத்த பிள்ளைங்க சிரிக்குதுங்க, நானும் வரிக்கு வரி திருத்திக்கிட்டே இருக்கேன்” என்கிறாள். அவளுக்கும் சேர்த்து ஒரு வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரு ஒலிப்பதிவும் ஒரு வெள்ளைத்தாளும் போதும். அதைச் சொல்வதற்கு முன், “புரியவில்லை” என்று நீங்கள் எழுதுவதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் மூன்று தனித்தனி சங்கதிகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

அவற்றைப் பிரித்துக் காட்டியவர்கள் கனடாவைச் சேர்ந்த முர்ரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் என்ற இரு ஆய்வாளர்கள். 1995இல் வந்த ஆய்வு அது. சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைப் பதிவு செய்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்பவர்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். அப்புறம், கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது, உச்சரிப்பு எவ்வளவு வேற்று வாடை அடித்தது என்று தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். எழுதியதைத் திருத்திப் பார்த்தபோது, ஒரு சொல்கூட விடாமல் சரியாக எழுதிய வாக்கியங்களுக்கே “உச்சரிப்பு ரொம்ப வேற்று மாதிரி” என்ற மதிப்பெண்ணும் அடிக்கடி விழுந்திருந்தது. உச்சரிப்பு நம்முடையதிலிருந்து விலகியிருப்பது ஒன்று. கேட்பவர் கூடுதலாகக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருப்பது இன்னொன்று. சொன்ன விஷயம் கடைசியில் போய்ச் சேர்ந்ததா என்பது மூன்றாவது. முதலாவது இருந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும் என்பதில்லை. உங்கள் மதிப்பீட்டுத் தாளில் இந்த மூன்றுக்கும் சேர்த்து “கம்யூனிகேஷன்” என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து எல்லா நிறுவனத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது.

இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால் தெளிவாக இருக்கும். பேனல்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க நான் போகும் இடங்களில் பார்த்த ஒரு தாள் இது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். டெக்னிக்கல் 4, கம்யூனிகேஷன் 2. குறிப்பு: “கிளாரிட்டி இல்லை, ஹெவி எம்.டி.ஐ.” எம்.டி.ஐ. என்றால் தாய்மொழித் தாக்கம் என்று உங்களுக்குத் தெரியும். கால் சென்டர் பயிற்சிக்காரர்கள் பரப்பிவிட்ட சுருக்கம், இப்போது கோட் எழுதுகிறவன் தலையிலும் வந்து விழுகிறது. நான்கு ஆண்டு அனுபவமுள்ள அந்த இளைஞரிடம் “நீங்கள் சமாளித்த கஷ்டமான பிரச்சினை ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரிடமிருந்து ஒரே பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டதை அவர் விவரிக்கிறார். “சர்வர் பேமென்ட் முடிச்சிருச்சு, ஆனா பதில் வர லேட் ஆச்சு. ஆப் அதை ஃபெயில்னு நெனச்சு மறுபடி அனுப்பிருச்சு. சர்வருக்கு அது புது ரிக்வெஸ்ட். அதனால ரெண்டு தடவை கட் ஆச்சு. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு தனி நம்பர் குடுத்தோம், அதே நம்பர் மறுபடி வந்தா சர்வர் பழைய பதிலையே திருப்பி அனுப்பும்.” ஆங்கிலத்தில் அவர் சொன்னதன் சாரம் இதுதான். காரணம், விளைவு, தீர்வு மூன்றும் வரிசை பிசகாமல் இருக்கின்றன.

மதிப்பெண் போட்டவரிடம் அந்த ஒரு நிமிடப் பதிவைக் கொடுத்து, ஹெட்போன் மாட்டி, கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதச் சொன்னேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓரிரு சொற்களைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டார். தாளைப் பார்த்துவிட்டு, “எல்லாம் புரிஞ்சிருக்கே, அப்புறம் ஏன் ரெண்டு போட்டேன்?” என்று என்னையே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “கேட்கக் கஷ்டமா இருந்துச்சு, அதான்” என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். பழகாத உச்சரிப்பைக் கேட்கும்போது மூளை கூடுதலாக உழைக்கிறது. ஆனால் அந்த உழைப்பின் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் பிசகு நடக்கிறது. நாம் அதைப் பேசுகிறவரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். “எனக்குக் கஷ்டமாக இருந்தது” என்பது நம்மை அறியாமல் “அவர் தெளிவாகச் சொல்லவில்லை” என்று மாறுகிறது. இன்னும் ஒரு படி போய் “அவருக்கு விஷயம் தெளிவாகத் தெரியாது” என்றும் ஆகிவிடுகிறது.

இந்தக் கடைசிப் படியை ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கீசார் இருவரும் 2010இல் அழகாகச் சோதித்தார்கள். “ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும்” என்பது போன்ற சின்னச் சின்னத் தகவல்களைப் பலரை வாசிக்கவைத்து, கேட்பவர்களிடம் “இது உண்மையாக இருக்குமா?” என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் வாசிக்கிறார்கள், சொந்தச் சரக்கு அல்ல என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். அப்படியும் வேற்று உச்சரிப்பில் வந்த தகவலை நம்புவது குறைந்தது. பிறகு கேட்பவர்களிடம், இந்தச் சோதனை கேட்கும் சிரமத்தைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மறுபடி செய்தார்கள். இலேசான உச்சரிப்பு வேறுபாட்டை அவர்களால் சரிக்கட்ட முடிந்தது. அழுத்தமான உச்சரிப்பு வந்ததும் பழையபடி நம்பிக்கை குறைந்தது.

உங்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. “இனிமேல் பாரபட்சம் பார்க்க மாட்டேன்” என்று மனசுக்குள் முடிவெடுத்துக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனால், ஓரளவு வேற்று உச்சரிப்புள்ளவருக்கு அது உதவும். யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கு உதவாது. அதனால் எண்ணத்தை நம்பாமல் தாளை மாற்றுங்கள் என்பதுதான் நான் எங்கே போனாலும் சொல்வது.

தாளுக்கு வரும் முன் அருப்புக்கோட்டைக்கு வருகிறேன். “நானே அந்த ஊர்க்காரன், எனக்கு எப்படி இருக்கும்?” என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் ஒளிந்திருக்கிறது. 1960இல் மான்ட்ரியலில் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் ஒரு வேலை செய்தார்கள். இரு மொழியும் சரளமாகப் பேசுகிறவர்களை ஒரே பத்தியை ஆங்கிலத்தில் ஒரு முறையும் பிரெஞ்சில் ஒரு முறையும் வாசிக்கவைத்து, இருவேறு ஆட்கள் போலக் கேட்கவைத்து, அந்தக் குரல்காரர் எப்படிப்பட்டவர் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆங்கிலக் குரலுக்கு அறிவு, நம்பகம், உயரம் எல்லாம் கூடுதலாக விழுந்தது. பிரெஞ்சு பேசும் மாணவர்களும் பிரெஞ்சுக் குரலைக் கீழே வைத்தார்கள். சில குணங்களில் ஆங்கிலம் பேசும் மாணவர்களைவிடக் கடுமையாகவே வைத்தார்கள். சொந்த ஊர்க்காரர் என்பது ஒரு பாதுகாப்பே இல்லை. என் அனுபவத்தில், மெனக்கெட்டுத் தன் பேச்சை மாற்றிக்கொண்டவர்தான் மாற்றிக்கொள்ளாதவரிடம் ரொம்பக் கறாராக இருக்கிறார். “நான் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன், இவனுக்கு என்ன?” என்ற குரல் உள்ளே கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. மதிப்பெண்ணில் அது ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சரி, உச்சரிப்பில் எது தடை, எது வெறும் வாடை? தமிழ் பேசுகிறவரின் ஆங்கிலத்தில் காதில் முதலில் படுவது “எவ்ரி” என்பது “யெவ்ரி” ஆவதும், “ஒன்லி” என்பது “வொன்லி” ஆவதும், “பஸ்” முடிவில் ஒரு சின்ன உகரம் ஒட்டிக்கொள்வதும். இவற்றால் யாருக்கும் எந்தச் சொல்லும் வேறு சொல்லாகக் கேட்பதில்லை. ஆனாலும் மதிப்பெண்ணைக் குறைப்பது பெரும்பாலும் இவைதான், ஏனென்றால் இவை ஊரையும் பள்ளியையும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. உண்மையில் தடையாவது வேறு. “தர்ட்டீன்”, “தர்ட்டி” இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் கணக்கே மாறிவிடும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்த வேண்டுமோ அதை விட்டு வேறு அசையை அழுத்தினால், பழகாதவர்களுக்கு அந்தச் சொல்லையே அடையாளம் தெரியாமல் போகலாம். மூச்சு விடாமல் பேசுவதும் தடைதான். இந்தக் கடைசிக் குறை மவுண்ட் ரோடு கான்வென்ட்காரருக்கும் உண்டு, அமெரிக்க வாடையில் நாக்கைச் சுழற்றுகிறவருக்கும் உண்டு. அவர்கள் சொன்னதில் பாதி புரியாவிட்டாலும் “சூப்பர் கம்யூனிகேஷன்” என்று 4 போடுவதை நான் பல பேனல்களில் பார்த்திருக்கிறேன். தெற்கத்திக்காரருக்குக் குறைப்பதைப் பற்றி மட்டும் யோசிக்காமல், இவர்களுக்கு எதற்காகக் கூட்டினீர்கள் என்றும் ஒரு முறை பாருங்கள்.

இப்போது சோதனை. முதலில் பழைய தாள்கள். ஓராண்டுக்கு உட்பட்டதை எடுத்து, டெக்னிக்கலில் 4 அல்லது 5, கம்யூனிகேஷனில் 2 என்று இருப்பதைத் தனியே வையுங்கள். சராசரி போட்டுப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். இருபது முப்பது பேரில் அரை மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் தற்செயலாகவும் நடக்கும். குறிப்புகளை வாசியுங்கள். “இந்தக் கேள்விக்குப் பதில் சுற்றி வளைத்தது”, “தேதியை மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது” என்று ஏதாவது நடந்ததைச் சொல்லும் குறிப்பு இருந்தால் நீங்கள் பேச்சை மதிப்பிட்டிருக்கிறீர்கள். “எம்.டி.ஐ.”, “பாலிஷ் போதாது”, “கிளையன்ட் முன்னாடி நிறுத்த முடியாது” என்று மட்டும் இருந்தால், இன்டர்வியூவில் என்ன நடந்தது என்பதற்கு அதில் எந்தச் சாட்சியும் இல்லை. சென்னைக் கல்லூரிக்காரர்களின் தாளில் முதல் வகைக் குறிப்பும், தெற்கத்திக்காரர்களின் தாளில் இரண்டாம் வகைக் குறிப்பும் இருந்தால் உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்தது பதிவு. இன்டர்வியூவைப் பதிவு செய்ய வந்தவரின் சம்மதம் வேண்டும், எதற்கு என்றும் சொல்ல வேண்டும். ஒருவரின் பதிலிலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்து நீங்களே எழுத்தில் வடியுங்கள். எத்தனை சொல் விட்டது என்று எண்ணுங்கள். அந்த எழுத்து வடிவத்தை, ஆளைப் பார்க்காத, குரலைக் கேட்காத ஒரு சக ஊழியரிடம் கொடுத்து, “இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது?” என்று 5க்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். கல்லூரி, ஊர்ப் பெயர் வந்தால் அடித்துவிடுங்கள். இலக்கணப் பிழைகளைத் திருத்திவிடாதீர்கள், அப்படியே இருக்கட்டும். இலக்கணம் வேறு, உச்சரிப்பு வேறு. பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழுந்துவிடுகிறது. எழுத்தைப் படித்தவர் 4 போட்டு, குரலைக் கேட்ட நீங்கள் 2 போட்டிருந்தால், நடுவில் உள்ள 2 மதிப்பெண்ணும் உங்கள் காது கழித்தது. எழுத்தைப் படித்தவரும் 2 போட்டால் அந்தப் பதில் நிஜமாகவே குழப்பமானது, நீங்கள் போட்டது நியாயம். ஒருவரை வைத்து முடிவுகட்ட வேண்டாம். நான்கைந்து பேருக்குச் செய்யுங்கள். அதில் நீங்கள் 4 போட்ட நகரத்துக்காரர் ஒருவரோ இருவரோ கட்டாயம் இருக்கட்டும். அப்போதுதான் கூட்டியதும் தெரியும்.

உங்கள் வடிப்பில் நிறைய சொற்கள் விட்டுப்போயிருந்தால்? அப்போது அவர் பேச்சு உங்களுக்கு எட்டவில்லை என்பது உண்மை. அதையே வேறு இருவரிடம் கொடுத்துப் பாருங்கள். தென்மாவட்டப் பேச்சுக்குப் பழகியவர் எல்லாவற்றையும் எழுதி, நீங்கள் மட்டும் தடுமாறினால் பழக்கம்தான் காரணம். மூவரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தில் பேசியவரிடம் ஏதோ இருக்கிறது, அல்லது மைக் கரகரத்திருக்கிறது. முதலில் மைக்கைச் சந்தேகப்படுங்கள். மோசமான ஒலி எல்லாரையும் பாதிக்கும், பழகாத உச்சரிப்புள்ளவரைக் கூடுதலாகப் பாதிக்கும்.

இனி இன்டர்வியூ நடக்கும்போது. கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, பழகாத உச்சரிப்புக்குக் காது எவ்வளவு சீக்கிரம் பழகுகிறது என்று அளந்தது. முதலில் கேட்பவரின் வேகம் குறைகிறது, ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தத் தாமதம் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் நம் இன்டர்வியூக்களில் அந்த முதல் நிமிடத்தில் நடப்பது “டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்”. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ரயில் வேகத்தில், ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒப்பிப்பார்கள். உங்கள் காது பழகாத நேரமும், அவர் தன் இயல்பான பேச்சில் இல்லாத நேரமும் ஒன்றாக வந்து சேர்கிறது, பேனலின் மனசில் முடிவும் அங்கேயே விழுந்துவிடுகிறது. அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் மதிப்பெண்ணே இல்லாத எதையாவது பேசுங்கள். எப்படி வந்தீர்கள், இப்போது எந்த ப்ராஜெக்ட், டீமில் எத்தனை பேர், இப்படி. பேனாவைக் கீழே வையுங்கள். பிறகு முதல் கேள்வி.

புரியாத இடத்தில் தலையாட்டாதீர்கள். ஸ்டெஃபனி லிண்டெமன் 2002இல், கொரியர்களோடு சேர்ந்து ஒரு வரைபடப் பயிற்சியைச் செய்த அமெரிக்க மாணவர்களைக் கவனித்தார். கொரியர்களின் ஆங்கிலத்தைப் பற்றி முன்பே தாழ்வான எண்ணம் வைத்திருந்தவர்களில் சிலர், புரியாதபோது கேட்கவே இல்லை, பேசாமல் விட்டுவிட்டார்கள். கேட்டிருந்தால் சரியாகியிருக்கும். பேனலிலும் இதுதான் நடக்கிறது. நல்ல உச்சரிப்புக்காரர் சொன்னது காதில் விழாவிட்டால் “சாரி, மறுபடி சொல்லுங்க” என்கிறோம். இவரிடம் “ஓகே, நெக்ஸ்ட்” என்கிறோம். மறுபடி கேட்கும்போதும் “புரியல” என்று மொட்டையாகச் சொல்லாமல், “சர்வர் ரெண்டாவது தடவை வந்ததைப் புதுசுன்னு எடுத்துக்கிச்சு, அதுவரைக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று எதுவரை புரிந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், பதற்றமும் குறையும். எண் வந்தால் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: “ஒன்று மூன்றா, மூன்று பூஜ்யமா?” எத்தனை முறை மறுபடி கேட்டீர்கள் என்று ஓரத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகள்தான் பிறகு உங்கள் சாட்சி.

தாளில் “கம்யூனிகேஷன்” கட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு வரி போடச் சொல்லுங்கள். ஒன்றில், அவர் விளக்கியதை நீங்கள் புரிந்துகொண்டபடி ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுத முடிந்தால் செய்தி வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள், 2 போடக் கை வராது. இன்னொன்றில், எத்தனை முறை மறுபடி கேட்க வேண்டியிருந்தது, கேட்டபோது வேறு சொற்களில் விளக்கினாரா என்று எழுத வேண்டும். மறுபடி கேட்டால் மாற்றிச் சொல்லத் தெரிவது வேலைக்கு நிஜமாகவே தேவைப்படும் திறமை, அதற்குத் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள். உச்சரிப்புக்கு என்று எந்த வரியும் வேண்டாம். டெக்னிக்கல் மதிப்பெண்ணையும் இதையும் பேனலில் உள்ளவர்கள் தனித்தனியே எழுதிய பிறகுதான் பேச வேண்டும். “எப்படிப்பா, கம்யூனிகேஷன் கொஞ்சம்…” என்று ஒருவர் இழுத்துவிட்டால் மற்றவர் பேனா தானாக இறங்கிவிடும்.

ஊரும் கல்லூரியும் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. டொனால்ட் ரூபின் 1992இல் ஒரே பெண் குரலில் பதிவான விரிவுரையை இரு மாணவர் குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். குரலுக்குரியவர் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண் படம், இன்னொரு குழுவுக்குச் சீன முகமுள்ள பெண் படம். ஒரே ஒலிநாடாதான், ஆனால் இரண்டாம் குழுவுக்கு அது வேற்று உச்சரிப்பாகக் கேட்டது. விரிவுரையில் என்ன சொல்லப்பட்டது என்ற தேர்விலும் அவர்கள் குறைவாகவே எடுத்தார்கள். இல்லாத உச்சரிப்பையே கண் கேட்கவைக்கும் என்றால், ரெஸ்யூமேவில் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு உட்காருகிறவரின் காது என்னவெல்லாம் கேட்கும்!

உச்சரிப்பைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு நாள் முழுக்க போனில் பேசும் வேலை என்றால், கேட்பவருக்கு எட்டுகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலையையே செய்யவைத்துப் பாருங்கள். ஒரு முகவரி, ஒரு பத்து இலக்க எண், ஒரு புகார். இவற்றைப் போனில் சொல்லவைத்து, மறுமுனையில் இருப்பவர் எழுதியதைச் சரிபாருங்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் அதே முகவரி, அதே எண்.

அப்படிச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாயில் நடந்த ஒரு வழக்கு உண்டு. மானுவல் ஃப்ரகான்டே 1981இல் தன் 60ஆம் வயதில் பிலிப்பைன்ஸிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்தவர். ஹொனலூலு நகர மோட்டார் வாகன அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு எழுதிய தேர்வில் 721 பேரில் அவர்தான் முதலிடம். அப்புறம் இருவர் எடுத்த சிறு நேர்காணல். உச்சரிப்பு அழுத்தமாக இருக்கிறது, புரிந்துகொள்ளச் சிரமம் என்று குறிப்பு எழுதினார்கள், வேலை கிடைக்கவில்லை. கவுண்டரில் நிற்கும் ஒருவருக்கு அவர் சொன்னது புரிகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வழக்கு மேல்முறையீடு வரை போய், 1989இல் நகர நிர்வாகத்துக்குச் சாதகமாக முடிந்தது. நேர்காணலுக்கு ஒழுங்கான வரையறைகள் இல்லை, மதிப்பீட்டுத் தாளும் போதுமானதாக இல்லை என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த மனிதர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஆங்கிலத்தில்தான் சாட்சி சொன்னார். சட்டம் என்ன சொன்னாலும், பட்டியலில் முதலில் வந்த ஆளை அந்த அலுவலகம் இழந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

“கிளையன்ட் ஏத்துக்க மாட்டாங்க” என்று உங்கள் மேலாளர் சொல்வார். எந்த கிளையன்ட், எந்தக் கூட்டத்தில், எதைப் புரியவில்லை என்றார் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அது தகவல், அதற்கேற்பப் பயிற்சி கொடுக்கலாம். பெரும்பாலும் பதில் இருக்காது.

இனி உங்கள் தங்கைக்கு. மதுரைப் பக்கத்துப் பிள்ளை “வாழைப்பழம்” என்பதை “வாளப்பளம்” என்று வாசிக்கிறாள் என்று நினைக்கிறேன். சிரிக்கும் சென்னைப் பிள்ளைகளில் பாதிப் பேர் விளையாட்டு நேரத்தில் “வாயப்பயம்” என்பார்கள். இரண்டுமே அந்தந்த ஊர்ப் பேச்சில் தலைமுறைகளாக உள்ள ஒலி. வாசிப்பு வகுப்பில் ஆசிரியர் பார்க்க வேண்டியது, பிள்ளை அச்சில் உள்ள சொல்லை அடையாளம் கண்டாளா என்பதைத்தான். “பளம்” என்று வாசித்தவளிடம் “அப்படின்னா என்ன?” என்று கேட்டால் மஞ்சளாக இருக்கும், உரித்துத் தின்னலாம் என்பாள். அவள் சரியாக வாசித்துவிட்டாள், அங்கே திருத்த எதுவும் இல்லை. “பழம்” இருக்கும் இடத்தில் “படம்” என்று வாசித்துவிட்டு மேலே போனால் அது வாசிப்புப் பிழை, அதைத் திருத்த வேண்டும். அதையும் வாக்கியம் முடிந்த பிறகு திருத்தினால் போதும். வரிக்கு வரி நிறுத்தினால் பொருள் அறுந்துபோகும், பிள்ளை அடுத்த முறை வாயை முணுமுணுப்பாகத் திறப்பாள், அப்புறம் “குரலே வரல” என்று இன்னொரு குறை எழுத வேண்டிவரும்.

ழகரத்தைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் வாசிப்பு நேரத்தில் வேண்டாம், அவளுக்கு மட்டும் என்றும் வேண்டாம். மொத்த வகுப்புக்கும் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்கி, நாக்கு நுனியை மேலே வளைத்து எங்கும் ஒட்டாமல் வைத்து ஒலிக்கும் பயிற்சியாகச் செய்யட்டும். சென்னைப் பிள்ளைகள் பலருக்கும் அது வராது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும். சொல்வதெழுதுதலில்தான் அவளுக்குக் கூடுதல் உதவி தேவைப்படும். அவள் காதில் “பழம்”, “பள்ளம்” இரண்டிலும் ளகரமே கேட்பதால் எந்த எழுத்து என்று ஒலியை வைத்துக் கண்டுபிடிக்க அவளால் முடியாது. ழகரச் சொற்களைப் பட்டியலாகக் கண்ணால் பழகட்டும்: பழம், மழை, வாழை, கிழமை, எழுத்து. வாசிப்பு மதிப்பெண்ணையும் எழுத்துப்பிழை மதிப்பெண்ணையும் தனித்தனியே போடச் சொல்லுங்கள். இப்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடுகிறாள் என்றால், அவளுடைய பதிவேட்டிலும் அந்தக் கட்டத்தைப் பிரிக்க வேண்டியதுதான்.